கவுண்டரில் யார் நிற்பது? புகை இடைவேளைக்கு ஐந்து வழிகள்

மலேசியாவில் எஸ்டேட் டவுன் ஒன்றில் ஒரு ஹார்ட்வேர், உரக் கடையை எடுத்துக்கொள்வோம். 12 பேர் வேலை செய்கிறார்கள். கவுண்டரில் மூவர், ஸ்டோரில் நால்வர், இரண்டு லோரிகளுக்கு டிரைவர்களும் அட்டெண்டன்களுமாக நால்வர், ஒரு கிராணி. இவர்களில் நான்கு பேர் புகைபிடிப்பவர்கள்: கவுண்டரில் ஒருவர், ஸ்டோரில் இருவர், டிரைவர் ஒருவர்.

காலை பத்தே காலுக்குச் செம்பனைத் தோட்டத்து லோரி ஒன்று உரம் ஏற்ற வந்து நிற்கிறது. கவுண்டரில் பெயிண்ட் வாங்க ஒருவர், பைப் மூட்டுக்கு ஒருவர், கணக்கில் எழுதிக்கொள்ள ஒருவர். அந்த நேரம் பார்த்து ஸ்டோரிலும் கவுண்டரிலும் புகைபிடிக்கும் மூவரும் கடைக்குப் பின்னால் போயிருக்கிறார்கள். மற்றவர்கள் வேறு வேலையில் இருக்க, கவுண்டரில் தனியாக நிற்கும் பெண் பில் போட்டுவிட்டு மூட்டை எண்ணவும் ஓடுகிறார். சாயங்காலம் அவர் முதலாளியிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நான் சிகரெட் பிடிக்கலங்கிறதுக்காக எனக்கு ரெஸ்டே கிடையாதா, போஸ்?"

பெரும்பாலும் இந்தக் கேள்வியை நிமிடக் கணக்காகத்தான் பார்க்கிறார்கள். அதையும் பார்த்துவிடுவோம். பின்கட்டுக்கு நடந்து போய், பற்றவைத்து, முடித்து, கை கழுவித் திரும்ப ஒரு தடவைக்கு 11 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டு நேரம் தவிர ஒரு நாளில் நான்கு தடவை என்றால் 44 நிமிடம். எல்லாரும் பசியாறப் போகும் 15 நிமிடத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். புகைபிடிக்காதவருக்குப் பசியாற 15 நிமிடம், போனைப் பார்த்த நேரம், வாசலில் நின்று பேசிய நேரம் எல்லாம் ஒரு 10 நிமிடம், ஆக 25. வித்தியாசம் நாளுக்கு ஏறக்குறைய 35 நிமிடம்.

ஆனால் அந்தப் பெண்ணின் மனத்தாங்கல் 35 நிமிடத்தைப் பற்றியது அல்ல. லோரி வந்த நேரத்தில் தனியாக நிற்க வேண்டியிருந்ததும், தனக்கு எப்போது ஓய்வு வரும் என்று தெரியாததும்தான் அவரை வாட்டுகின்றன. அதனால் வழி தேடும் முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள். அளக்கும்போது ஆளைக் குறிக்க வேண்டாம், காத்திருப்பைக் குறியுங்கள். வாடிக்கையாளர் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்ற ஒவ்வொரு தடவையும் மணி என்ன, எந்த இடம் காலியாக இருந்தது, ஏன் என்று கவுண்டருக்கு அடியில் ஒரு தாளில் எழுதினால் போதும். யார் எத்தனை தடவை வெளியே போனார் என்று எழுதத் தொடங்கினால் இரண்டாம் நாளே கடை இரண்டு கட்சியாகிவிடும். அந்தத் தாளில் இன்னொன்றும் தெரியவரும். காத்திருப்பு எல்லா நாளிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே தோட்டத்து ஆட்களின் கையில் காசு புழங்குவது மாதத்தின் முதல் வாரத்தில். கடையில் கூட்டமும் அப்போதுதான்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

கண்டும் காணாமல் விடுவது முதல் வழி. ஐந்து பேர் உள்ள கடையில், எல்லாரும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் இடத்தில், இது ஓடும். 12 பேர் ஆனதும் ஓடாது. எழுதாத வழக்கம் எப்போதும் மூத்தவர்களுக்கும் வாய் உள்ளவர்களுக்கும்தான் சாதகமாக நிற்கும். இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது, வேலை நேரத்தில் முற்றாகத் தடை. சட்டப்படி செய்யக்கூடியதுதான். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் புகைபிடிக்க என்று தனி இடைவேளை எதுவும் கிடையாது. அதன் 60ஏ பிரிவு சொல்வது வேறு: தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது 30 நிமிட ஓய்வு வேண்டும். 30 நிமிடத்துக்குக் குறைந்த இடைவேளை அந்த ஐந்து மணி நேரத் தொடர்ச்சியை முறிக்காது. 'அவன்தான் மூன்று தடவை சிகரெட்டுக்குப் போனானே, மதிய ஓய்வு எதற்கு' என்ற வாதம் இதனால் செல்லாது.

தடையில் சிக்கல் சட்டத்தால் வருவதில்லை, உடம்பால் வருகிறது. நிக்கோட்டினின் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. நன்றாகப் பழகிவிட்ட ஆளுக்கு அதற்குள் கவனம் சிதறும், எரிச்சல் வரும். வெளியே போகக் கூடாது என்றால் மறைவான இடம் தேடுவார். இந்தக் கடையில் மறைவு என்றால் கழிவறை, அல்லது ஸ்டோரில் உர மூட்டைகளுக்குப் பின்னால். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, டின் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி உள்ள நெருப்பையும் எட்டும். அம்மோனியம் நைட்ரேட் உள்ள உரம் தானாக எரியாவிட்டாலும், பக்கத்தில் பிடித்த நெருப்புக்கு ஆக்சிஜன் ஊட்டி அதைப் பெரிதாக்கும். திறந்த வெளியில் எரிய வேண்டிய சிகரெட்டை உர மூட்டைக்குப் பின்னால் அனுப்பிவைக்கும் தடையைவிடத் தடையே இல்லாதது மேல்.

மூன்றாவது, கார்டு பஞ்ச் செய்து வெளியே போவது. போன நேரத்தைச் சம்பளத்தில் பிடிப்பது அல்லது சாயங்காலம் ஈடுகட்ட வைப்பது. கேட்கும்போது நியாயமாகத்தான் படும். மாதம் 1,700 வெள்ளி சம்பளம் என்றால், 26-ஆல் வகுத்து, மறுபடி 8-ஆல் வகுக்க, மணிக்கு 8 வெள்ளி 17 காசு. நாளுக்கு 35 நிமிடம், 22 நாள் என்று பார்த்தால் மாதம் ஏறக்குறைய 105 வெள்ளி. முதலாளிக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 24-ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. சிகரெட்டுக்கான அபராதம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஈடுகட்ட வைப்பதோ கடையின் இயல்போடு ஒட்டாது. ஐந்தரைக்குக் கடை சாத்திய பிறகு கவுண்டர் ஆளை 35 நிமிடம் உட்காரவைத்து என்ன வேலை வாங்குவது? அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் நிற்க வேண்டும். தயாரிப்பு வரிசையில் தனித்தனியாகத் துண்டு எண்ணும் வேலைக்கு இது பொருந்தலாம், வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் வேலைக்குப் பொருந்தாது. முக்கியமாக, பத்தே காலுக்குக் காலியாக இருந்த கவுண்டரை ஐந்தரை மணி உழைப்பு நிரப்பாது. புகைபிடித்தவரின் கணக்கு நேராகிவிடும், தனியாக நின்ற பெண்ணின் மனத்தாங்கல் அப்படியே இருக்கும்.

நான்காவது வழி ஜப்பானிலிருந்து வந்தது. தோக்கியோவில் பியாலா என்ற நிறுவனம் 2017-இல் புகைபிடிக்காத ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 6 நாள் கூடுதல் விடுப்பு அறிவித்தது. அவர்கள் அலுவலகம் 29-ஆம் மாடி. கீழே இறங்கிப் புகைத்து ஏறிவர கால் மணி நேரம் ஆகும் என்று புகைபிடிக்காதவர்கள் குறைப்பட்டதுதான் தொடக்கம். தண்டிக்காமல் பரிசு தரும் இந்த யோசனை நல்ல மனதோடு வந்தது. நம் கடையில் வைத்துப் பார்த்தால் மூன்று இடத்தில் இடிக்கிறது. நாளுக்கு 35 நிமிடம், ஆண்டுக்கு 250 நாள் என்றால் 18 வேலை நாளுக்கு மேல் வரும். 6 நாள் கொடுத்தால் 'மீதி 12 எங்கே' என்பார்கள். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டம் தரும் ஆண்டு விடுப்பே 8 நாள்தான். எட்டுப் பேருக்கு ஆறாறு நாள் என்றால், 12 பேர் கடையில் 48 நாள் ஆள் குறையும். அந்த நாள்களில் கவுண்டரில் யார் நிற்பது? மூன்றாவதாக, யார் புகைபிடிப்பவர் என்று தீர்மானிக்க வேண்டி வரும். வீட்டில் மட்டும் பிடிப்பவர், வேப்பை மட்டும் இழுப்பவர், மார்ச்சில் விட்டு ஜூலையில் திரும்பத் தொடங்கியவர் என்று ஒவ்வொருவரையும் விசாரிப்பது முதலாளிக்குத் தேவையில்லாத வேலை.

ஐந்தாவது, எல்லாருக்கும் ஒரே இடைவேளை. காலையில் 15 நிமிடம், பிற்பகலில் 15 நிமிடம், சம்பளத்தோடு. அந்த நேரத்தில் சிகரெட் பிடிக்கலாம், பசியாறலாம், பிள்ளைக்குப் போன் போடலாம், சும்மா உட்காரலாம். அதற்கு வெளியே புகைக்கென்று யாரும் போவதில்லை. இதுபோன்ற கடைக்கு எங்கள் தேர்வு இதுதான். மற்ற நான்கும் புகைபிடிப்பதைச் சுற்றியே வருகின்றன. இதில் மட்டும் ஓய்வு வேலையோடு சேர்ந்துவிடுகிறது, கையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் நேரம் போடுவதில் கவனம் வேண்டும். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாடு என்றால் 8 மணி நேர வேலை. வார நாள் ஐந்துக்கு 40, சனிக்கிழமை எட்டரை முதல் ஒன்றரை வரை 5, ஆக 45. 2023 ஜனவரியிலிருந்து வார உச்சம் அதுவே. இதற்குள் ஆட்களை இரண்டு அணியாகப் பிரியுங்கள். முதல் அணி 10:15-க்கு இடைவேளை, 12 மணிக்குச் சாப்பாடு, 3:15-க்கு இடைவேளை. இரண்டாம் அணி 10:30, 1 மணி, 3:30. எந்த அணிக்கும் தொடர் வேலை இரண்டே கால் மணி நேரத்தைத் தாண்டாது. பழகிய உடம்பு பொறுத்துக்கொள்ளும் எல்லைக்கு இது கிட்டத்தட்ட ஒத்துப்போவதால்தான் மறைவிடம் தேடும் அவசியம் குறைகிறது. ஒரே ஓர் இடைவேளையை 30 நிமிடமாகக் கொடுத்தால் மொத்தம் ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கம் மூன்றரை அல்லது நாலரை மணி நேரத் தொடர் வேலை விழும். பிரச்சினை பின்கட்டு வழியாகத் திரும்பி வரும்.

அணி பிரிப்பது வேலையிடத்தை வைத்து. புகைப்பவர் ஓர் அணி, மற்றவர் ஓர் அணி என்று பிரித்தால் சுலபம்போலத் தோன்றும். அப்படிச் செய்தால் புகைக்காதவர் அணி போகும்போது கிராணியும் சேர்ந்து போவார், கவுண்டரில் ஒருவர்தான் மீந்திருப்பார். கடைக்குள் இரண்டு கூட்டமும் உருவாகும். நம் கடையில் முதல் அணி: கவுண்டரில் ஒருவர், ஸ்டோரில் இருவர், கிராணி. இரண்டாம் அணி: கவுண்டரில் இருவர், ஸ்டோரில் இருவர். இரண்டாம் அணி போகும்போது கவுண்டரில் மீந்தவரோடு கிராணி வந்து நிற்பார். அதற்காகவே கிராணி முதல் அணியில். ஸ்டோரில் புகைபிடிக்கும் இருவரும் ஆளுக்கோர் அணி.

செலவு கூடுமே என்ற கவலை வரும். கூட்டிப் பாருங்கள். பழைய கணக்கில் நான்கு பேருக்கு 59 நிமிடம், எட்டுப் பேருக்கு 25 நிமிடம், மொத்தம் 436 நிமிடம். புதிய கணக்கில் 12 பேருக்கு 30 நிமிடம், 360. புகைபிடிக்காதவர்களின் பழைய 10 நிமிடம் ஒழியாமலே போனாலும் மொத்தம் 440, பழைய இடத்தில்தான் நிற்கும். ஆனால் இப்போது யார் எப்போது இருக்க மாட்டார் என்பது முந்தின நாளே தெரியும்.

அறிவிப்பை நீட்ட வேண்டாம். தமிழிலும் மலாயிலும், வங்காளதேசத்துத் தொழிலாளி இருந்தால் அவர் மொழியிலும், ஒரே தாளில் இப்படிப் போதும்:

"அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் எல்லா ஊழியருக்கும் காலையும் பிற்பகலும் 15 நிமிட இடைவேளை உண்டு. அணி விவரம் கீழே. 10:30 அல்லது 10:45-க்கு உங்கள் இடத்தில் இருக்க வேண்டும். சிகரெட், வேப் இரண்டும் இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் மட்டுமே, பின்கட்டுக் கொட்டகையில் மட்டுமே. ஸ்டோர், கழிவறை, லோரி கேபின், கடை வாசல் ஆகிய இடங்களில் கூடாது. கூட்டம் இருந்தால் இடைவேளை 30 நிமிடம் வரை தள்ளிப்போகலாம், ரத்தாகாது. கழிவறை, தண்ணீர், தொழுகை இதில் சேராது."

இதில் இரண்டு வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குப் போகலாம் என்று எழுதாமல் எத்தனை மணிக்கு இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பது வேண்டுமென்றே. இடைவேளை நீளுவது போகும்போது அல்ல, திரும்பும்போது. இரண்டாவது வாரத்தில் 15 நிமிடம் 20 ஆகும். அடுத்த அணி காத்திருப்பதால் அது உடனே தெரியும், முதலாளி கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. மற்றது கடைசி வரி. தொழுகை நேரத்தையும் புகை நேரத்தையும் ஒரே பட்டியலில் வைத்து எண்ணுகிற கடையில் அதன் பிறகு எந்த விதியும் நியாயமாகத் தெரியாது.

கொட்டகையை எங்கே போடுவது? தின்னர், பெயிண்ட், எரிவாயு, உரம் இருக்கும் பக்கம் வேண்டாம். டீசல் பீப்பாய் பக்கமும் வேண்டாம். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இருந்தால் அங்கிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி. 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த 852-ஆம் சட்டத்தின்கீழ் சாப்பாட்டுக் கடைகள் புகைத் தடைப் பகுதி, வேப்புக்கும் இதே சட்டம்தான். மழைக்குக் கூரை, மணல் நிரப்பிய வாளி, கை கழுவக் குழாய், இவை போதும். கூரை இல்லாவிட்டால் மழை நாளில் எல்லாரும் ஸ்டோர் கதவுக்குள் ஒதுங்குவார்கள். புகைபிடிக்காதவர்களுக்கும் இதே தரத்தில் உட்கார ஓர் இடம் வேண்டும், கடைக்குள் ஒரு மேசையும் நாற்காலியும் ஆனாலும் சரி. அந்த இடம் இல்லாததால்தான் புகைக்காதவர்கள் இடைவேளை எடுக்காமலே நின்றுவிடுகிறார்கள்.

லோரிக்காரர்களுக்கு மணிக்கணக்கு ஒத்துவராது. அவர்களின் இடைவேளை சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில். தோட்டத்து ஸ்டோருக்குள் போனால் அந்தத் தோட்டத்தின் விதி. கேபினுக்குள் மட்டும் எப்போதும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அட்டெண்டன் கதவைத் திறந்து இறங்கிப்போக முடியாது.

தொடங்க இரண்டு வார முன்னறிவிப்புக் கொடுங்கள். முதல் சில நாள் எரிச்சல் வரும், அதை ஒழுங்கீனமாக எண்ண வேண்டாம். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் பற்றவைக்கும் ஆள் என்றால் அவருக்குப் பழக்கம் ஆழமானது, சிரமமும் அதிகம். அவரிடம் தனியே பேசுவது நல்லது. "அண்ணே, உங்கள நிறுத்தச் சொல்லல. நடுவுல தாங்க முடியலன்னா நிக்கோட்டின் கம் மென்னு பாருங்க" என்ற அளவில். அப்படிப்பட்டவருக்கு 4 மில்லிகிராம் கம், மற்றவர்களுக்கு 2. சூயிங்கம்போல விடாமல் மெல்லக் கூடாது. காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். கோப்பி குடித்து 15 நிமிடத்துக்குள் போட்டால் வாயில் சரியாக ஏறாது. இடைவேளையில் கோப்பி குடித்துக்கொண்டே கம்மை மென்று 'வேலைக்கு ஆகல' என்று தூக்கிப்போடுகிறவர்கள் இதனால்தான். விட விரும்புகிறவருக்கு அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் உதவி உண்டு, போய்வர நேரம் கொடுங்கள். போயே ஆக வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊழியர்களுக்குப் பகலில் புகையும் இல்லை, பசியாறலும் இல்லை. இரண்டு 15 நிமிடத்தையும் சேர்த்து ஐந்து மணிக்கே கிளம்ப விரும்புவார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மதிய ஓய்வையும் வெட்டிச் சேர்க்கக் கேட்டால் முடியாது, ஐந்து மணி நேர விதி அங்கே குறுக்கே நிற்கும்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பழைய தாளை மறுபடி ஒரு வாரம் கவுண்டருக்கு அடியில் வையுங்கள். கூடவே ஸ்டோருக்குள் ஒரு சுற்றுப் போய், தின்னர் அடுக்குக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சிகரெட் துண்டு கிடந்தால், யார் போட்டது என்று கேட்கும் முன் சம்பள வாரத்து இடைவேளைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கூட்டம் என்று சொல்லி இடைவேளையைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் கொடுக்காமலே விட்ட நாள் அதில் பெரும்பாலும் இருக்கும்.